இரண்டாம் ஆண்டு மாணவி, ஆய்வக அனுபவம் மிகக் குறைவு: கோடைப் பயிற்சிக்கான கவர் லெட்டரில் என்ன எழுதுவது?

கயல்_உயிர்வேதி
வணக்கம். உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் எட்டு வாரம் ஓர் ஆய்வகத்தில் பயிற்சி பெற விரும்புகிறேன். புரதங்கள் எப்படி மடிகின்றன என்று ஆராயும் ஒரு பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பப் போகிறேன். கவர் லெட்டர், ரெஸ்யூமே, மதிப்பெண் பட்டியல் மூன்றையும் அனுப்பும்படி அவருடைய ஆய்வகப் பக்கத்தில் போட்டிருக்கிறது.

பாடத்தோடு வரும் லேப் வகுப்பைத் தவிர வேறு எந்த ஆய்வகத்திலும் நான் கால் வைத்ததில்லை. அதுதான் பிரச்சினை. அசலை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன், இங்கே தமிழில் தருகிறேன்:

> மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, சிறுவயது முதலே அறிவியலில் எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. எனக்கு ஆய்வக அனுபவம் அதிகம் இல்லை என்றாலும், நான் கடின உழைப்பாளி, எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன், குழுவோடு இணைந்து செயல்படுவேன். பிசிஆர், ஜெல் எலக்ட்ரோஃபோரசிஸ், பிராட்ஃபோர்டு, டைட்ரேஷன், நுண்ணோக்கி ஆகியவற்றில் அனுபவம் உண்டு. தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் பணிபுரியும் வாய்ப்பு என் எதிர்காலத்துக்குப் பெரிதும் உதவும்.

படித்துப் பார்த்தால் எனக்கே திருப்தி இல்லை. எங்கே தப்பு என்றும் பிடிபடவில்லை.

சுடர்_இன்று
நன்றாகத்தான் இருக்கிறது. டெக்னிக் பட்டியலை இன்னும் நீட்டுங்கள். விளம்பரத்தில் என்னென்ன சொற்கள் இருக்கின்றனவோ அவை அத்தனையும் கடிதத்தில் வர வேண்டும். நிறைய விண்ணப்பங்கள் வரும் இடத்தில் முதல் சல்லடையே அதுதான். "அனுபவம் இல்லை" என்ற வரியைத் தூக்கிவிடுங்கள். நம் குறையை நாமே ஏன் சொல்ல வேண்டும்?

நித்திலன்
பரிந்துரைக் கடிதத்தை நாமே எழுதிக் கொடுக்கக் கூடாது. பாடம் எடுத்த ஆசிரியரிடம் குறைந்தது மூன்று வாரம் முன்பே கேளுங்கள். மதிப்பெண் பட்டியலையும் ரெஸ்யூமேவையும் கூடவே கொடுத்தால் அவருக்கு எழுத எளிது.

கயல்_உயிர்வேதி
நன்றி நித்திலன், ஆனால் இது பரிந்துரைக் கடிதம் இல்லை. விண்ணப்பத்தோடு நானே எழுதி அனுப்பும் கவர் லெட்டர்.

நித்திலன்
மன்னிக்கவும், தலைப்பைச் சரியாகப் படிக்கவில்லை.

பைப்பெட்காரி
நான் பிஎச்டி கடைசி ஆண்டில் இருக்கிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு வந்த கோடை மாணவர்களில் மூன்று பேருக்கு நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன். வரும் கடிதங்களை எங்கள் பேராசிரியர் என்னிடமும் தள்ளிவிடுவார். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கயல், உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அனுபவம் இல்லை என்கிறீர்கள், அடுத்த மூச்சிலேயே ஐந்து டெக்னிக்கில் அனுபவம் உண்டு என்கிறீர்கள். படிப்பவர் இரண்டில் எதை நம்புவது? இரண்டாம் ஆண்டு என்று பார்த்ததுமே, இவையெல்லாம் லேப் வகுப்பில் ஒரு முறை செய்தவை என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பட்டியலாகப் போட்டால், ஒரு முறை செய்ததற்கும் நூறு முறை செய்ததற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியவில்லையோ என்று தோன்றும். அதுதான் எங்களுக்குக் கவலை.

கடிதத்தைப் படிப்பவரின் மனதில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். எட்டு வாரப் பயிற்சியில் முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சி, சாவி, கணினிக் கணக்கு என்று போய்விடும். அடுத்த இரண்டு வாரம் ஒரு பிஎச்டி மாணவரோ போஸ்ட்டாக்கோ பக்கத்திலேயே நின்று சொல்லித்தர வேண்டும். அந்த நாட்களில் அவருடைய சொந்த வேலை பாதிதான் நடக்கும். ஆகவே பேராசிரியர் கேட்டுக்கொள்வது "இவருக்கு என்னென்ன தெரியும்?" என்பதை அல்ல. "என் ஆளுடைய மூன்று வாரத்தை இவருக்குக் கொடுக்கலாமா?" என்பதைத்தான். ஒரு அளவீடு தப்பாக வந்தால் கவனிப்பாரா, கவனித்தால் வந்து சொல்வாரா, எழுதி வைப்பாரா? கடிதத்தில் நான் தேடுவது இவ்வளவுதான். "கடின உழைப்பாளி" என்ற சொல் இதில் எதற்கும் பதில் சொல்லாது.

அந்த ஐந்தில் ஒன்றை எடுங்கள். ஏதாவது எதிர்பார்த்தபடி வராமல் போன ஒன்றாக இருக்கட்டும். அன்று என்ன நடந்தது என்று இங்கே எழுதுங்கள். கடிதமாக வேண்டாம், எங்களிடம் பேசுவது போல எழுதுங்கள்.

இளவேனில்77
என் கதையையும் சொல்கிறேன். நான் கணினி வழி உயிரியல் பக்கம் போனவன், பைப்பெட்டையே தொட்டதில்லை. ஒரே கடிதத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி மாற்றி 23 பேருக்கு அனுப்பினேன். ஒரு கடிதத்தில் மேலே சரியான பெயர், மூன்றாம் பத்தியில் அதற்கு முந்தையவரின் பெயர். அனுப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது. அன்றைக்குப் பூராவும் சோறு இறங்கவில்லை. 23-இல் பதில் வந்தது இரண்டே இரண்டு, இரண்டும் மறுப்பு.

அடுத்த ஆண்டு ஆறு பேருக்கு மட்டும் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை செலவழித்தேன். வகுப்புக்காக ஒரு பொதுத் தரவுத் தொகுப்பைச் சுத்தம் செய்தபோது, ஜீன் பெயர்களில் சில தேதிகளாக மாறியிருந்ததைக் கண்டுபிடித்த கதையை ஒரே பத்தியில் எழுதினேன். எக்செல் `SEPT2` என்ற பெயரை செப்டம்பர் 2 என்று மாற்றிவிடும், தெரியும்தானே. அந்தப் பத்தியைப் பற்றித்தான் நேர்காணலில் கேட்டார்கள். இடமும் கிடைத்தது.

பைப்பெட்காரி
நான் சொல்ல வந்ததே இதைத்தான், இளவேனில். `SEPT2` போன்ற பெயர்களைப் பிறகு அதிகாரபூர்வமாகவே மாற்றிவிட்டார்கள், இப்போது அது `SEPTIN2`. அத்தனை பேரைப் பாடாய்ப் படுத்திய சிக்கல் அது. அதை நீங்களாகவே கவனித்தீர்கள் என்றால் படிப்பவருக்கு வேறு சான்று தேவையில்லை.

கயல்_உயிர்வேதி
சரி, எழுதிப் பார்க்கிறேன். பிராட்ஃபோர்டு லேபில் நடந்தது இது.

ஈஸ்ட் செல்களை உடைத்து எடுத்த சாற்றில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அளவு தெரிந்த பிஎஸ்ஏ புரதக் கரைசல்களைச் சாயத்தோடு கலந்து, 595 நானோமீட்டரில் அளந்து, கோடு வரைந்தோம். எங்களிடம் இருந்ததில் அடர்த்தியான ஸ்டாண்டர்டு ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். அதன் அளவீடு 0.78. எங்கள் சாறு 1.15 காட்டியது. கோட்டை அப்படியே மேலே நீட்டி 1.4 மில்லிகிராம் என்று எழுதிவிட்டோம். என் பார்ட்னர் நோட்டை மூடிவிட்டார்.

எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். 0.5 மில்லிகிராம் ஸ்டாண்டர்டு 0.42 காட்டியது. அதன் இருமடங்கு 0.84 வர வேண்டும், வந்ததோ 0.78. அதாவது மேலே போகப் போகக் கோடு படுத்துவிடுகிறது. அப்படியென்றால் 1.15-க்குக் கோட்டை நேராக நீட்டியது சரியா? வகுப்பு முடிய இருபது நிமிடம் இருந்தது. சாற்றை அதே பஃபரில் ஐந்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி அளந்தேன். 0.38 வந்தது. அது கோட்டில் 0.45 மில்லிகிராம். ஐந்தால் பெருக்கினால் 2.25. முதலில் எழுதிய 1.4 எங்கே, இது எங்கே! லேப் ஆசிரியரிடம் காட்டினேன். இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதி, முதலாவது ஏன் தப்பு என்றும் குறித்து வைக்கச் சொன்னார்.

இது ரொம்பச் சின்ன விஷயம் இல்லையா? இதையா ஒரு பேராசிரியருக்கு எழுதுவது?

பைப்பெட்காரி
இதையேதான் எழுத வேண்டும், கயல். இந்த இரண்டு பத்தியைப் படித்துவிட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

புரதத்தை ஆராயும் ஆய்வகத்தில் அடர்த்தி தெரியாமல் எதுவுமே நடக்காது. ஸ்டாண்டர்டின் எல்லைக்கு வெளியே கோட்டை நீட்டி எண் எடுப்பது புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. அந்தத் தப்பைப் பிடிக்க எங்களுக்கு சில சமயம் இரண்டு வாரம் ஆகும், ஏனென்றால் பின்னால் வரும் சோதனைகள் எல்லாம் அந்த எண்ணின் மேல்தான் நிற்கின்றன. யாரும் கேட்காமலே நீங்கள் அதைப் பிடித்திருக்கிறீர்கள். நீர்க்கச் செய்து சோதித்திருக்கிறீர்கள். தப்பான எண்ணை அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள். நான் மேலே கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் இதற்குள் இருக்கிறது.

எழுதும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். "பிராட்ஃபோர்டில் தேர்ச்சி" என்று வேண்டாம். "பாட லேபில் ஒரு முறை செய்தேன்" என்று அளவோடு சொல்லுங்கள். அப்போது அனுபவம் குறைவு என்று தனியாக மன்னிப்புக் கேட்கும் வரியே தேவைப்படாது. சுடர் அந்த வரியைத் தூக்கச் சொன்னது சரி. ஆனால் குறையை மறைப்பதற்காகத் தூக்குவதாக இருக்கக் கூடாது. உள்ளதை உள்ளபடி வேறு இடத்தில் சொல்லிவிட்டோம், அதனால் தூக்குகிறோம்.

சுடர்_இன்று
நேரடி மின்னஞ்சலுக்கு இது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய கோடைத் திட்டங்களில் ஆன்லைன் படிவம் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். அங்கே படிப்பது ஒரு குழு. அவர்களுக்கும் இந்த நீர்க்கச் செய்த கதை போதுமா?

பைப்பெட்காரி
திட்டம் என்றால் கொஞ்சம் மாறும், நீங்கள் சொல்வது பாதி சரி. குழுவில் உங்கள் துறை அல்லாதவர்களும் இருப்பார்கள். டெக்னிக்குகளின் பெயர் ரெஸ்யூமேவில் ஒரு வரியாக, "பாட லேபில்" என்ற குறிப்போடு இருந்தால் நல்லது. கடிதத்தில் அப்போதும் ஒரே சம்பவம்தான், இன்னும் எளிய சொற்களில். அங்கே ஒரு பக்கம் வரை எழுதலாம். நேரடி மின்னஞ்சலில் அவ்வளவு இடம் இல்லை. மின்னஞ்சலில் நான்கைந்து வரி, இணைப்பில் முக்கால் பக்கக் கடிதம், அதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

முதுவேர்
நான் ஆய்வகம் நடத்துபவன். மேலே சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு என்பதைக் குறையாகவே எல்லாரும் பேசுகிறீர்கள். எனக்கு அது லாபம். இறுதி ஆண்டு மாணவர் எட்டு வாரம் கற்றுக்கொண்டு போய்விடுவார். இரண்டாம் ஆண்டு மாணவர் அடுத்த கோடையிலும் வரலாம், புராஜெக்டுக்கும் வரலாம். முதல் கோடையில் நாங்கள் செலவிடும் நேரம் இரண்டாவது கோடையில் திரும்பி வரும். கயலுக்கு உண்மையிலேயே அந்த எண்ணம் இருந்தால் ஒரு வரி எழுதட்டும். இல்லை என்றால் எழுத வேண்டாம். பிறகு வர முடியாமல் போனால் மனக்கசப்புதான்.

அப்புறம், தேதி. தேர்வு என்றைக்கு முடிகிறது, என்றையிலிருந்து எத்தனை வாரம் முழுநேரமாக வர முடியும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அது இல்லாத கடிதத்துக்கு நான் திரும்பிக் கேட்டு எழுத வேண்டும். வேலை அதிகமான வாரத்தில் அது நடக்காது.

கயல்_உயிர்வேதி
அடுத்த கோடையும் வர எனக்கு விருப்பம்தான். அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்றையும் படித்தேன், எல்லாம் புரியவில்லை. ஒரு படம் மட்டும் மனதில் நின்றது. இயல்பான புரதத்தையும் ஓர் அமினோ அமிலம் மாற்றிய புரதத்தையும் மெதுவாகச் சூடாக்கி, 222 நானோமீட்டரில் மடிப்பு குலைவதை அளந்திருக்கிறார்கள். மறுபடி குளிர்வித்தால் இயல்பான புரதம் பழைய நிலைக்குத் திரும்புகிறது, மாற்றிய புரதம் திரும்பவில்லை. அது ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டதாலா? அப்படியானால் அடர்த்தியைக் குறைத்துச் செய்தால் திரும்புமா? இந்தக் கேள்வியைக் கடிதத்தில் வைக்கலாமா?

பைப்பெட்காரி
வைக்கலாம். திரள்வது அடர்த்தியைப் பொறுத்தது என்பதால் கேள்வி நியாயமானது. உங்கள் பிராட்ஃபோர்டு கதையோடு தானாகவே இணைகிறது. "தங்கள் புகழ்பெற்ற ஆய்வகம்" என்ற வரி இருந்த இடத்தில் இதை வையுங்கள். அந்தப் புகழ்ச்சி வரியை எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பலாம், இந்தக் கேள்வியை அந்த ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும்.

முதுவேர்
இங்கே நான் மாறுபடுகிறேன். இப்படிப்பட்ட கேள்விகள் நிறையக் கடிதங்களில் வருகின்றன, பாதிக்கு மேல் யாரோ சொல்லிக்கொடுத்தவை. நேர்காணலில் "ஏன் 222?" என்று கேட்டால் முகம் வெளுத்துவிடும். கட்டுரை பழையதாக இருந்தால் ஆய்வகம் அந்த வேலையை விட்டே ஆண்டுகள் ஆகியிருக்கும். என்னைக் கேட்டால், எந்தத் தலைப்பு பிடித்தது, ஏன் பிடித்தது என்று ஒரு நேரான வாக்கியம் போதும்.

பைப்பெட்காரி
கட்டுரை கடைசி இரண்டு மூன்று ஆண்டுக்குள் வந்ததா, அந்தப் பேராசிரியர் அதில் ஆய்வகத் தலைவருக்குரிய கடைசிப் பெயராக இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டால் பழைய வேலை என்ற சிக்கல் குறையும். கயலின் கேள்வி சொல்லிக்கொடுத்தது இல்லை என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிகிறது.

கயல்_உயிர்வேதி
222-இல் ஆல்ஃபா ஹெலிக்ஸ் வலுவாகக் காட்டும் என்று பாடத்தில் படித்தது நினைவிருக்கிறது. அதற்கு மேல் கேட்டால் தெரியாது. கட்டுரை போன ஆண்டு வந்தது, அவர் பெயர் கடைசியில் இருக்கிறது.

புதிய வரைவு இது:

> பேராசிரியர் அவர்களுக்கு, நான் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வரும் கோடையில் எட்டு வாரம் உங்கள் ஆய்வகத்தில் பயிற்சி பெற விண்ணப்பிக்கிறேன்.
>
> இந்தப் பருவத்தின் லேப் வகுப்பில் ஈஸ்ட் சாற்றின் புரத அளவை பிராட்ஃபோர்டு முறையில் ஒரு முறை அளந்தேன். சாற்றின் அளவீடு எங்கள் கடைசி ஸ்டாண்டர்டைத் தாண்டியிருந்தது, நாங்கள் கோட்டை நீட்டி 1.4 மி.கி./மி.லி. என்று எழுதினோம். ஸ்டாண்டர்டுகளின் கோடு மேற்பகுதியில் வளைவதைக் கவனித்ததும், சாற்றை ஐந்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி அளந்தேன். 2.25 வந்தது. இரண்டு எண்ணும், முதலாவது ஏன் தவறு என்பதும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. என் ஆய்வக அனுபவம் முழுவதும் இத்தகைய பாட வகுப்புகளில் பெற்றது.
>
> போன ஆண்டு வெளிவந்த உங்கள் கட்டுரையில், மாற்றிய புரதம் குளிர்ந்த பிறகும் பழைய மடிப்புக்குத் திரும்பாததைப் பார்த்தேன். அது திரள்வதால்தானா, அடர்த்தியைக் குறைத்தால் மாறுமா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். நன்றாக வேலை செய்தால் அடுத்த கோடையிலும் தொடர விரும்புகிறேன்.
>
> என் தேர்வுகள் முடிந்த அடுத்த திங்கள் முதல் எட்டு வாரமும் முழுநேரம் வர முடியும்.

பைப்பெட்காரி
"தேர்வுகள் முடிந்த அடுத்த திங்கள்" என்று வேண்டாம், தேதியையே போடுங்கள். உங்கள் தேர்வு அட்டவணை அவரிடம் இல்லையே. "நன்றாக வேலை செய்தால்" என்பதையும் எடுத்துவிடுங்கள், "அடுத்த கோடையிலும் தொடர விரும்புகிறேன்" போதும். மற்றதில் கை வைக்க மாட்டேன். பிடிஎஃப் ஆக்கி, கோப்புப் பெயரில் உங்கள் பெயரைப் போடுங்கள். `final_new2.pdf` என்று வரும் கோப்புகளை அப்புறம் தேடிப்பிடிக்கவே முடிவதில்லை.

நித்திலன்
நான் முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் ஒன்று சொல்கிறேன். இரண்டு எண்ணையும் எழுதி வைக்கச் சொன்னாரே, அந்த லேப் ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, ரெஸ்யூமேவில் அவர் பெயரைப் பரிந்துரையாளராகப் போடுங்கள். நடந்ததை நேரில் பார்த்தவர் அவர்தானே.

கயல்_உயிர்வேதி
இது எனக்குத் தோன்றவே இல்லை நித்திலன். நாளைக்கே கேட்கிறேன்.

இன்னும் ஒன்று. கரிம வேதியியலில் எனக்கு மதிப்பெண் குறைவு, பட்டியலில் பளிச்சென்று தெரியும். கடிதத்தில் விளக்கம் கொடுக்கலாமா?

சுடர்_இன்று
கொடுங்கள். கண்ணில் படப்போவது உறுதி, காரணத்தை நீங்களே சொல்லிவிடுவது மேல்.

முதுவேர்
வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள். முக்கால் பக்கத்தில் நான்கு வரி அதற்குப் போனால் பிராட்ஃபோர்டு பத்தி சுருங்கிவிடும்.

பைப்பெட்காரி
உடல்நலம், குடும்பச் சூழல் என்று ஒரே பருவத்தை மட்டும் பாதித்த காரணம் இருந்தால் ஒரு வரி எழுதலாம் என்பது என் எண்ணம். வெறுமனே கடினமாக இருந்தது என்றால் முதுவேர் சொல்வது போல விட்டுவிடலாம்.

கயல்_உயிர்வேதி
கடினமாகத்தான் இருந்தது, வேறு காரணம் இல்லை. விட்டுவிடுகிறேன்.

*(நான்கு நாள் கழித்து)*

கயல்_உயிர்வேதி
லேப் ஆசிரியர் சம்மதித்துவிட்டார். அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும் சொன்னார். இன்று காலை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் வராவிட்டால் எத்தனை நாள் கழித்து மறுபடி எழுதலாம்?

பைப்பெட்காரி
பத்து நாள் பொறுங்கள். பிறகு அதே மின்னஞ்சலின் கீழே இரண்டு வரி, ஒரே ஒரு முறை. அதற்குள் அடுத்த ஆய்வகத்துக்கான கடிதத்தை எழுதத் தொடங்குங்கள். பிராட்ஃபோர்டு பத்தி அப்படியே இருக்கலாம், மூன்றாம் பத்தியை முழுசாக மாற்ற வேண்டும். அனுப்பும் முன் பெயரை வாய்விட்டு ஒரு முறை படித்துப் பாருங்கள்.

இளவேனில்77
மூன்றாம் பத்தியிலும் சேர்த்து!